இன்வாய்ஸின் அடியில் எந்த முகவரி? துண்டுக் கணக்கும் இருப்புக் கணக்கும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய வடிவமைப்புக் குழுவுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். மூன்று பங்காளிகள். மாதா மாதம் செய்த வேலைக்கேற்ப பணம் வாங்கிக்கொள்ளும் பன்னிரண்டு பேர். லோகோ, புத்தக அட்டை, விளம்பரப் படம் என்று சின்னச் சின்ன வேலைகள்தான் அதிகம். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் வெளிநாடு. 80 வெள்ளி, அதாவது 80 ரிங்கிட் வேலைக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் அதில் நல்ல பங்கு கட்டணத்துக்கே போய்விடுகிறது என்று அவர்களில் பலர் கிரிப்டோவில் தரட்டுமா என்று கேட்கிறார்கள். இன்வாய்ஸின் அடியில் பிட்காயின் முகவரியைப் போடுவதா, எதிரியம் முகவரியைப் போடுவதா என்பதுதான் எங்களுக்கு முன்னால் வந்த கேள்வி.

பங்காளிகள் எந்தக் காசின் விலை ஏறும் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். வந்த காசை அந்த வாரமே வெள்ளியாக மாற்றப் போகிறவர்களுக்கு அந்த வாதமே தேவையில்லை. மலேசியாவில் கிரிப்டோ சட்டப்படி செல்லும் நாணயம் இல்லை. செக்யூரிட்டீஸ் கமிஷனில் பதிவுபெற்ற மாற்றுத் தளம் ஒன்றின் வழியாக ரிங்கிட்டாக்கித்தான் வாடகையும் சம்பளமும் கட்டவேண்டியிருக்கிறது. ஆகவே பார்க்கவேண்டியது வேறு: நாற்பது பேர் ஆளுக்குக் கொஞ்சமாக அனுப்பியதை ஒன்றாக வெளியே எடுக்க எவ்வளவு செலவாகும், யார் கட்டினார் என்று எப்படித் தெரியும், பன்னிரண்டு பேருக்குப் பணம் பிரிக்கும்போது என்ன சிக்கல் வரும். இந்த மூன்றுக்கும் பதில், அந்தந்த வலைப்பின்னல் காசை எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதில் இருக்கிறது.

பிட்காயினுக்கு இருப்பு என்று ஒன்று கிடையாது

உங்கள் வாலட் செயலி 0.008 பிட்காயின் என்று காட்டும். ஆனால் வலைப்பின்னலில் எந்த இடத்திலும் அந்த எண் எழுதப்பட்டிருக்காது. அங்கே இருப்பவை செலவாகாத வெளியீடுகள் மட்டுமே. சுருக்கமாக யூடிஎக்ஸ்ஓ என்பார்கள். நான் இனித் துண்டு என்றே சொல்கிறேன். ஒருவர் உங்களுக்கு 20,000 சத்தோஷி அனுப்பினால் அது ஒரு துண்டு. இன்னொருவர் அதே அளவு அனுப்பினால் அது தனியாக இன்னொரு துண்டு. இரண்டும் தாமாக ஒட்டிக்கொள்ளாது. ஒரு பிட்காயினுக்குப் பத்துக் கோடி சத்தோஷி. வாலட் உங்கள் சாவிக்குப் பூட்டப்பட்ட துண்டுகளைத் தேடி எடுத்து, கூட்டி, ஒரு தொகையாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

பையில் இருக்கும் நோட்டுகளைப் போலத்தான் இது. 50 வெள்ளி நோட்டைக் கொடுத்து 7 வெள்ளிக்குச் சாப்பிட்டால் நோட்டைக் கிழித்துக் கொடுப்பதில்லை. முழு நோட்டையும் கொடுத்து மிச்சம் வாங்குகிறோம். பிட்காயினிலும் ஒரு துண்டை எடுத்தால் முழுதாகத்தான் செலவழிக்க முடியும். பழைய துண்டு அழியும். பெறுபவருக்கு ஒரு புதுத் துண்டும், உங்களுக்கே மிச்சமாக ஒரு புதுத் துண்டும் பிறக்கும். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வித்தியாசம் கட்டணம். பரிவர்த்தனையில் கட்டணம் என்று தனியாக ஒரு வரியே கிடையாது.

இந்தக் கடைசி விஷயம் நினைவில் இருக்க வேண்டும். கையால் பரிவர்த்தனை கட்டும்போது மிச்சத்துக்கான வெளியீட்டை எழுத மறந்தால், அந்த மிச்சம் முழுவதும், பரிவர்த்தனைகளைப் பிளாக் என்ற தொகுப்புகளாகப் பதிவில் ஏற்றும் சுரங்கக்காரருக்குக் கட்டணமாகப் போய்விடும். வலைப்பின்னல் அதைப் பிழை என்று தடுக்காது. 2023 செப்டம்பரில் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் கோளாறால், ஒரு பிட்காயினில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தொகையை அனுப்பும்போது 19 பிட்காயினுக்கு மேல் கட்டணமாகப் போனது. அந்தச் சுரங்கக் குழு பிறகு திருப்பிக் கொடுத்தது. கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

எதிரியத்தில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே உண்மையாகவே ஒரு இருப்பு எழுதப்பட்டிருக்கும். பணம் வந்தால் அந்த எண் கூடும், போனால் குறையும். நாற்பது பேர் அனுப்பினாலும் எண் ஒன்றுதான். கூடவே நான்ஸ் என்ற இன்னொரு எண்ணும் இருக்கும். அந்தக் கணக்கிலிருந்து இதுவரை எத்தனை பரிவர்த்தனை வெளியே போயிருக்கிறது என்பதே அது. இந்த எண்ணிக்கை எதற்கு? பிட்காயினில் ஒரு துண்டு செலவானதும் அழிந்துவிடுவதால் அதே கையெழுத்தை இரண்டாவது முறை காட்டி யாரும் ஏமாற்ற முடியாது. இருப்புக் கணக்கில் அப்படி அழிவதற்கு ஒன்றுமில்லை. எதிரியத்தின் காசுக்குப் பெயர் ஈதர். ‘1 ஈதர் கொடு’ என்று நீங்கள் கையெழுத்திட்ட தாளை வாங்கியவர் அதையே மறுபடி மறுபடி நீட்டலாம். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண். ஏழாம் எண் தாள் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு எட்டாம் எண்தான் செல்லும்.

வலைப்பின்னலில் இணைந்து இயங்கும் நோடு என்ற மென்பொருளை நீங்களே ஓட்டினால் இந்த வேறுபாடு கேள்வியிலேயே தெரியும். பிட்காயின் நோடிடம் இப்படிக் கேட்பீர்கள்:

```
bitcoin-cli listunspent
```

பதிலாக ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு துண்டும் எந்தப் பரிவர்த்தனையில் பிறந்தது, அதில் எத்தனையாவது வெளியீடு, எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். எதிரியம் நோடிடம் கேட்கவேண்டியவை இரண்டே எண்கள்:

```
eth_getBalance
eth_getTransactionCount
```

நாற்பது சிறு வரவை வெளியே எடுக்க

இப்போது எங்கள் மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாற்பது வாடிக்கையாளர்கள் ஆளுக்கு 80 வெள்ளி கட்டுகிறார்கள், மொத்தம் 3,200 வெள்ளி. கணக்கு எளிதாக இருக்க ஒரு பிட்காயின் 4 இலட்சம் வெள்ளி, ஒரு ஈதர் 12,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விலை மாறினால் கடைசி வெள்ளிக்காசுகள் மாறும், ஒப்பீட்டின் போக்கு மாறாது. இந்த விலையில் 80 வெள்ளி என்பது 20,000 சத்தோஷி.

பிட்காயினில் கட்டணம் அனுப்பும் தொகையைப் பார்ப்பதில்லை, பரிவர்த்தனை பிளாக்கில் அடைக்கும் இடத்தைப் பார்க்கிறது. அளக்கும் அலகு விபைட். bc1q என்று தொடங்கும் சாதாரண முகவரிகளுக்கு அளவு ஏறத்தாழ இப்படி:

```
விபைட் = 10.5 + 68 × உள்ளீடுகள் + 31 × வெளியீடுகள்
```

உள்ளீடு என்பது நீங்கள் செலவழிக்கும் துண்டு. ஒவ்வொன்றுக்கும் கையெழுத்தும் பொதுச்சாவியும் சேர்க்கவேண்டும், அதனால்தான் அது வெளியீட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமாக இருக்கிறது. நாற்பது துண்டுகளை ஒரே வெளியீடாக்கி மாற்றுத் தளத்துக்கு அனுப்பினால் 10.5 + 2,720 + 31, அதாவது சுமார் 2,762 விபைட். விபைட்டுக்கு 5 சத்தோஷி போகும் மிதமான நாளில் 13,810 சத்தோஷி, 55 வெள்ளி. 3,200-இல் 55 என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 50 சத்தோஷி போகும் நெரிசலில் அதே வேலைக்கு 552 வெள்ளி. வரவில் ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

இன்னும் ஏறினால் என்ன ஆகும்? விபைட்டுக்கு 300 சத்தோஷி ஆகும்போது ஒரு துண்டைச் செலவழிக்கவே 68 × 300 = 20,400 சத்தோஷி வேண்டும். துண்டின் மதிப்போ 20,000. காசு உங்களுடையதுதான், ஆனால் அன்றைக்கு அதை எடுத்தால் நஷ்டம். இது கற்பனை இல்லை. 2024 ஏப்ரல் 20 அன்று சுரங்க வெகுமதி பாதியான பிளாக்கைச் சுற்றி, கட்டணம் விபைட்டுக்குப் பல நூறு சத்தோஷிகளுக்கு ஏறியது. பிறகு இறங்கிவிட்டது. சிறு துண்டுகளை வைத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாத நிலையில் மாதக் கடைசிச் சம்பளம் இருந்தால் வழியில்லை.

வாலட் காட்டும் மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த அபாயம் தெரியவே தெரியாது. 3,200 வெள்ளி ஒரே துண்டாக இருந்தாலும் நாற்பது துண்டாக இருந்தாலும் திரையில் ஒரே எண்தான். அனுப்பு பொத்தானை அழுத்தும் கட்டத்தில்தான் கட்டணம் ஏன் இவ்வளவு என்ற அதிர்ச்சி. ஸ்பாரோ, எலெக்ட்ரம் போன்ற வாலட்டுகளில் துண்டுகளைத் தனித்தனியாகக் காட்டும் பகுதி உண்டு. வணிகத்துக்குப் பிட்காயின் வாங்குகிறவர் அந்தப் பகுதி இல்லாத வாலட்டைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

எதிரியத்தில் இதே வேலை: நாற்பது வரவும் ஏற்கெனவே ஒரே எண்ணாகக் கூடி நிற்கின்றன. வெளியே அனுப்ப ஒரு சாதாரண மாற்றல், 21,000 கேஸ். கேஸ் என்பது அங்கே வேலையை அளக்கும் அலகு, குவெய் என்பது ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கேஸுக்கு 5 குவெய் என்றால் 105,000 குவெய், அதாவது 0.000105 ஈதர், 1 வெள்ளி 26 காசு. 50 குவெய் போகும் நெரிசலிலும் 12 வெள்ளி 60 காசுதான். வரவு நாற்பதா நானூறா என்பதைப் பற்றி அந்த மாற்றலுக்குக் கவலையில்லை. பிட்காயினின் 5 சத்தோஷியும் எதிரியத்தின் 5 குவெயும் ஒரே அளவுகோல் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் தனித்தனிச் சந்தைகள். நான் காட்ட வந்தது, ஒன்றில் செலவு வரவுகளின் எண்ணிக்கையோடு ஏறுகிறது, மற்றதில் ஏறுவதில்லை என்பதை.

இத்தோடு நிறுத்தினால் எதிரியம்தான் என்று முடித்துவிடலாம். பல ஒப்பீடுகள் இங்கேதான் நின்றுவிடுகின்றன.

யார் கட்டினார் என்று எப்படித் தெரியும்?

நாற்பது இன்வாய்ஸும் ஒரே விலை. எதிரியம் முகவரி ஒன்றில் 80 வெள்ளிக்குச் சமமான ஈதர் வந்து நிற்கிறது. அனுப்பியவர் முகவரி 0x என்று தொடங்கும் நீண்ட எண், அவ்வளவுதான். மாற்றுத் தளத்திலிருந்து அனுப்பியிருந்தால் அதுவும் வாடிக்கையாளருடைய முகவரி இல்லை, அந்தத் தளத்தின் பொது முகவரி. எந்த இன்வாய்ஸை அடைப்பது? வங்கி மாற்றலில் குறிப்பு எழுதுகிற இடம் போல ஒன்று, சாதாரண ஈதர் மாற்றலில் நடைமுறையில் யாரும் பயன்படுத்துவதில்லை.

பிட்காயினில் இந்தக் கேள்வியே எழாது. எல்லாச் சாவிகளுக்கும் மூலமான ஒரே விதைச் சொற்களிலிருந்து வாலட் எத்தனை முகவரி வேண்டுமானாலும் உண்டாக்கும். இன்வாய்ஸுக்கு ஒரு முகவரி. அந்த முகவரிக்குத் துண்டு வந்தால் அந்த இன்வாய்ஸ் அடைந்தது. இன்னொரு வசதி, எக்ஸ்பப் எனப்படும் நீட்டித்த பொதுச்சாவியை மட்டும் இன்வாய்ஸ் மென்பொருளுக்குக் கொடுத்தால் போதும். அது புது முகவரிகளை உண்டாக்கிக்கொண்டே போகும், ஆனால் அதனால் ஒரு சத்தோஷிகூடச் செலவழிக்க முடியாது. செலவழிக்கும் சாவி பங்காளியின் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். நாற்பது முகவரியில் கிடக்கும் துண்டுகளைக் கூட்டி அனுப்பத் தனிச் செலவு ஏதும் இல்லை. எப்படியும் நாற்பதும் நாற்பது உள்ளீடுதானே.

நான் இதைச் சொன்னபோது பங்காளி ஒருவர், “அப்படின்னா ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஒரு ஈதர் முகவரி உண்டாக்கிட்டாப் போச்சு, அண்ணே” என்றார். நல்ல கேள்விதான், போட்டுப் பார்ப்போம். நாற்பது முகவரி என்றால் நாற்பது தனிக் கணக்கு. ஒரு பரிவர்த்தனையில் ஒரு கணக்கிலிருந்துதான் பணம் எடுக்க முடியும். ஆக நாற்பது மாற்றல், 840,000 கேஸ். 5 குவெய் விலையில் 0.0042 ஈதர், 50 வெள்ளி 40 காசு. பிட்காயினில் 55 வெள்ளி வந்தது நினைவிருக்கும். வரவுகளைப் பிரித்து அடையாளம் காண ஒரு விலை இருக்கிறது. பிட்காயின் அதை எல்லோரிடமும் கட்டாயமாக வாங்குகிறது. எதிரியம், வேண்டும் என்று கேட்பவரிடம் மட்டும் வாங்குகிறது. நான் இந்த ஒப்பீட்டில் தேடிக்கொண்டிருந்த விடை இதுதான்.

டோக்கனில் கேட்டால் இன்னும் மோசம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஈதர் அனுப்ப விரும்புவதில்லை. விலை ஆடாத யூஎஸ்டிடி போன்ற டாலர் டோக்கனைத்தான் அனுப்புவார்கள். அந்த டோக்கன் உங்கள் எதிரியம் கணக்கின் இருப்பில் சேர்வதே இல்லை. டோக்கனை நடத்தும், எதிரியத்தின் மேல் இயங்கும் ஒப்பந்த நிரல் தனக்குள்ளே ஒரு பேரேடு வைத்திருக்கிறது. அந்தப் பேரேட்டில் உங்கள் முகவரிக்கு எதிரே ஒரு எண் கூடுகிறது. அதை நகர்த்தக் கட்டணம் மட்டும் ஈதரில்தான் கட்டவேண்டும். புது முகவரியில் 80 வெள்ளிக்கு டோக்கன் வந்திருக்கும், ஈதர் இருப்பு பூஜ்யம். கண்ணுக்குத் தெரியும், எடுக்க முடியாது. முதலில் ஒவ்வொரு முகவரிக்கும் கொஞ்சம் ஈதர் அனுப்பி, பிறகு டோக்கனை எடுக்கவேண்டும். டோக்கன் மாற்றலுக்கு ஈதர் மாற்றலைவிட இரண்டு மூன்று மடங்கு கேஸ். நாற்பதுக்கு எண்பது பரிவர்த்தனை. தவிர, யூஎஸ்டிடியை வெளியிடுகிறவரால் அந்தப் பேரேட்டில் ஒரு முகவரியை முடக்கவும் முடியும். பிட்காயின் துண்டுக்கு அப்படி ஒரு சொந்தக்காரர் மேலே உட்கார்ந்திருக்கவில்லை.

அப்படியானால் ஒரே எதிரியம் முகவரியை வைத்துக்கொண்டு அடையாளம் காண முடியாதா? முடியும், ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு இன்வாய்ஸின் தொகையிலும் கடைசி இலக்கங்களைச் சற்று மாற்றிவிடுவது. 17.00 டாலர் கேட்கும் இடத்தில் ஒருவரிடம் 17.013, இன்னொருவரிடம் 17.014. ஈதருக்குப் புள்ளிக்குப் பின் பதினெட்டு இலக்கம் உண்டு, யூஎஸ்டிடிக்கு ஆறு. நாற்பதுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அனுப்புகிற மாற்றுத் தளம் தன் கட்டணத்தை அந்தத் தொகையிலேயே கழித்துக்கொண்டால் எண் பொருந்தாது. அப்புறம் வாடிக்கையாளருக்கு எழுதி, பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கவேண்டியதுதான். எங்கள் அளவுக்கு அது சமாளிக்கக்கூடிய தொல்லை.

பன்னிரண்டு பேருக்குப் பிரிக்கும்போது

எங்கள் ஆட்களில் சிலர் பினாங்கிலும் ஈப்போவிலும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ரிங்கிட்தான் கேட்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு பேரும் கிரிப்டோவாகவே கேட்டால் என்ன என்று கணக்குப் போட்டேன். இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது.

பெரிய துண்டு ஒன்று கையில் இருந்தால், பிட்காயினில் ஒரே பரிவர்த்தனையில் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பி மிச்சத்தையும் வாங்கிவிடலாம். ஒரு உள்ளீடு, பதின்மூன்று வெளியீடு, சுமார் 482 விபைட். 5 சத்தோஷியில் 2,410 சத்தோஷி, 9 வெள்ளி 64 காசு. இதையே பன்னிரண்டு தனிப் பரிவர்த்தனையாக அனுப்பினால் ஒன்றுக்கு 141 விபைட் வீதம் 1,692 விபைட், ஏறக்குறைய 34 வெள்ளி. எதிரியத்தில் பன்னிரண்டு மாற்றல் 252,000 கேஸ், 15 வெள்ளி 12 காசு. பலருக்கு ஒரே தடவையில் பிரித்துக் கொடுக்கும் ஒப்பந்த நிரல்கள் உண்டு, செலவைக் கொஞ்சம் குறைக்கும். அதற்காக வேறொருவர் எழுதிய நிரலை நம்பவேண்டும்.

காசு வித்தியாசம் பெரிதில்லை. எனக்கு முக்கியம், நடுவில் ஒன்று சிக்கினால் என்ன ஆகும் என்பது. பிட்காயினில் பன்னிரண்டு பேரும் ஒரே பரிவர்த்தனையில் இருப்பதால் எல்லோருக்கும் சேர்ந்து போகும், அல்லது யாருக்கும் போகாது. எதிரியத்தில் நான்ஸ் வரிசை. மூன்றாவது ஆளுக்கு அனுப்பியதில் கட்டணம் குறைவாக வைத்துவிட்டால் அது காத்து நிற்கும். அதற்குப் பின்னால் நல்ல கட்டணத்தோடு அனுப்பிய ஒன்பதும் சேர்ந்து நிற்கும். ஏழு ஏறாமல் எட்டு ஏறாது. பன்னிரண்டு பேரில் இருவருக்கு வந்துவிட்டது, மற்றவர்களுக்கு வரவில்லை என்று தொலைபேசி வரும்போது முதலில் பார்க்கவேண்டியது, சிக்கி நிற்கும் மிகச் சிறிய நான்ஸ் எது என்பதை. அதே நான்ஸில், பழையதைவிடக் குறைந்தது பத்து விழுக்காடு கூடுதல் கட்டணத்தோடு மறுபடி அனுப்பினால் பொதுவாக அடைப்பு விடுபடும். பணத்தை நிறுத்தவேண்டுமென்றால் அதே நான்ஸில் தனக்குத்தானே பூஜ்யம் ஈதர் அனுப்பிக்கொள்ளலாம்.

பிட்காயினிலும் அனுப்பியவர் கட்டணத்தை உயர்த்தி மாற்றி அனுப்பலாம். கூடுதலாக, பெறுகிறவருக்கும் ஒரு வழி இருக்கிறது. தனக்கு வரவேண்டிய, இன்னும் உறுதியாகாத துண்டையே உயர்ந்த கட்டணத்தில் தனக்கு மறுபடி அனுப்பினால், அந்தப் பிள்ளைப் பரிவர்த்தனையின் கட்டணத்துக்காகச் சுரங்கக்காரர் தாய்ப் பரிவர்த்தனையையும் சேர்த்து எடுத்துக்கொள்வார். வாடிக்கையாளர் கஞ்சத்தனமாகக் கட்டணம் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டால் நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இருப்புக் கணக்கில் பெறுகிறவருக்கு இந்த வழி கிடையாது.

ஒன்று கவனிக்கவேண்டும். கட்டணம் குறையும் என்று எல்லாவற்றையும் ஒரே பெரிய துண்டாக்கி வைத்தால், அதிலிருந்து ஒருவருக்கு அனுப்பியதும் மிச்சம் முழுவதும் உறுதியாகாத நிலையில் நிற்கும். பிளாக் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று. அதுவரை சில வாலட்டுகள் ‘செலவழிக்கக்கூடிய இருப்பு 0’ என்று காட்டும். காசு தொலைந்துவிட்டதாகப் பதறுகிறவர்கள் உண்டு. தொலையவில்லை, பிளாக்குக்காகக் காத்திருக்கிறது. நடுத்தர அளவில் மூன்று நான்கு துண்டுகளை வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு பேர் இரண்டு மடிக்கணினியிலிருந்து ஒரே நேரத்தில் வேறு வேறு துண்டை எடுத்து அனுப்பலாம், ஒன்று மற்றதை இடிக்காது. எதிரியத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே நான்ஸைப் போட்டால் ஒன்றுதான் ஏறும்.

ரகசியம் பற்றிச் சுருக்கமாக. எதிரியம் முகவரி ஒன்றை இன்வாய்ஸில் போட்டால், அதைப் பார்க்கிற எந்த வாடிக்கையாளரும் எங்கள் மொத்த வரவையும் இருப்பையும் பார்க்கலாம். மற்றவருக்கு என்ன விலை போட்டோம் என்றும் ஊகிக்கலாம். பிட்காயினில் இன்வாய்ஸுக்கு ஒரு முகவரி என்பதால் மற்ற வரவுகள் தெரியாது. ஆனால் நாற்பது துண்டையும் ஒரே பரிவர்த்தனையில் சேர்க்கும் நாளில், நாற்பதும் ஒருவருடையவை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரகசியம் மாதக் கடைசி வரைதான்.

நிரல் எழுதும் வசதியில் இருப்புக் கணக்கு முன்னால் நிற்கிறது. பலர் ஒரே நேரத்தில் தொடும் ஒரு பொதுப் பேரேட்டை அதில் எழுதுவது சுலபம். துண்டு முறையில் ஒரு துண்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுக்க முடியும். துண்டு முறையை விரித்து ஒப்பந்த நிரல்களுக்குப் பயன்படுத்தும் கார்டானோ என்ற வலைப்பின்னலில், 2021-இல் காசு மாற்றும் முதல் செயலிகள் வந்தபோது இதுவே பெரிய விவாதமாக இருந்தது. லோகோ விற்கிற எங்களுக்கு அது தேவைப்படாது.

சிறு தொகைக்குப் பிட்காயின் மேல் அமைந்த லைட்னிங் வலைப்பின்னல் ஏன் இல்லை என்று கேட்கலாம். கட்டணம் மிகக் குறைவு, ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் தனி அடையாளமும் உண்டு. ஆனால் நாமே ஓட்டினால் உள்ளே பணம் வருவதற்குச் சேனல் என்ற பணப் பாதையில் மறுபக்கம் முன்கூட்டியே இடம் வைக்கவேண்டும், நோடு எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கவேண்டும். மாடியில் மின்சாரம் போகும் எங்கள் கடைவீட்டுக்கு அது இப்போதைக்குச் சரிவராது.

எங்கள் முடிவு தொகையைப் பார்த்துப் பிரிந்தது. 400 வெள்ளிக்குக் கீழான இன்வாய்ஸுக்கு ஒரே எதிரியம் முகவரி, கடைசி இலக்கங்களை மாற்றிய தொகை, அந்தக் கணக்கில் கட்டணத்துக்கென்று எப்போதும் கொஞ்சம் ஈதர். அதற்கு மேற்பட்டவை, குறிப்பாகத் தவணையில் வரும் புத்தக வேலைகள், பிட்காயினில், இன்வாய்ஸுக்கு ஒரு புது முகவரி. 400 வெள்ளி என்பது மேலே சொன்ன விலையில் 100,000 சத்தோஷி. கட்டணம் 50 சத்தோஷி ஆனாலும் அந்தத் துண்டை எடுக்க 3,400 சத்தோஷிதான், மூன்றரை விழுக்காட்டுக்குள் நிற்கும். உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்க, தாங்கக்கூடிய மோசமான கட்டணத்தை 68-ஆல் பெருக்கி, அது தொகையில் எத்தனை விழுக்காடு வரலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பழைய சோதனை வரவுகளாகப் பிட்காயின் வாலட்டில் சில சின்னத் துண்டுகள் கிடக்கின்றன. கட்டணம் 1, 2 சத்தோஷிக்கு இறங்கும்போது அவற்றை ஒன்றாக்கிவிடுவேன். யாரென்றே தெரியாமல் சில நூறு சத்தோஷியாக வந்திருப்பவற்றை மட்டும் செலவழிக்காதபடி வாலட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். எங்கள் முகவரிகளை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்க யாராவது தூவியதாக இருக்கலாம். மற்ற துண்டுகளோடு சேர்த்துச் செலவழித்தால்தான் அவர்களுக்கு அந்த விடை கிடைக்கும்.